மருத்துவமனை மொழிபெயர்ப்பாளருக்கு நன்றிக் கடிதம் எழுதுவது எப்படி: ரீயூனியனில் சிகிச்சை பெற்ற தமிழருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மகள் வீட்டுக்கோ மகன் வீட்டுக்கோ ரீயூனியன் வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போய், வாரக்கணக்கில் சேன் தெனியிலோ சேன் பியேரிலோ ஆஸ்பத்திரியில் கிடந்து, பிரெஞ்சு ஒரு சொல்கூடத் தெரியாமல் ஒரு மொழிபெயர்ப்பாளரின் துணையோடு தேறி வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊருக்குத் திரும்பும் முன் அவருக்கு நாலு வரி நன்றி எழுத வேண்டும் என்று பலருக்கும் தோன்றுகிறது. காரைக்கால், புதுச்சேரி, யாழ்ப்பாணம் என்று பல ஊர்க்காரர்களுக்கு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து உதவியிருக்கிறேன்.

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். நல்ல மனதோடு எழுதிய ஒரு வரி, அந்த மொழிபெயர்ப்பாளரின் வேலைக்கே கேள்வியாக வந்து நிற்கும். "எங்களுக்காக டாக்டரிடம் சண்டை போட்டீர்கள்" என்று நீங்கள் உருகி எழுதுவீர்கள். அவருடைய மேலாளர் அதைப் படித்துவிட்டு, "இவர் ஏன் ஒரு பக்கம் சாய்ந்தார்?" என்று கேட்பார். அதனால் எதற்கு நன்றி சொல்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எப்படிச் சொல்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்கேற்றபடி இருக்கிறது.

எடுத்துக்காட்டாக ஒருவருடைய கடிதத்தையே முழுவதும் தொடர்ந்து பார்ப்போம். காரைக்காலிலிருந்து மகள் வீட்டுக்கு வந்த 63 வயது அம்மா. நெடுநாள் சர்க்கரை நோயாளி. புதுச் செருப்பு கடித்த புண் வலது காலில் பழுத்து, கிருமி எலும்பு வரை போய்விட்டது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. ஏழு வாரம் வார்டில் இருந்தார். மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே குடியேறிய ஒரு பெண். கடிதத்தைக் காட்ட இருவரும் சம்மதித்தார்கள். பெயர்களையும் தேதிகளையும் மட்டும் மாற்றியோ எடுத்தோ விட்டேன்.

## 1. அவரை யார் அனுப்பினார்கள் என்று கேளுங்கள்

கடிதம் யாருக்குப் போக வேண்டும், அதில் எவ்வளவு சொல்லலாம் என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. பலர் இதைக் கேட்காமலே எழுத ஆரம்பித்து, கடைசியில் உறையில் எந்த முகவரியை எழுதுவது என்று விழிப்பார்கள்.

நேரில் வந்தவர் என்றால், ஒரு சங்கமோ மொழிபெயர்ப்பு நிறுவனமோ மருத்துவமனை கேட்டு அனுப்பியிருக்கும். அப்படியானால் கடிதம் அந்த அலுவலகம் வழியாகப் போக வேண்டும். போனில் மட்டும் பேசியவர் என்றால் பெரும்பாலும் பெயர்கூடத் தெரிந்திருக்காது. எந்த நாள், எந்த நேரம் பேசினார் என்பதை வார்டு தாதியிடம் கேட்டு வாங்குங்கள். அதை வைத்துத்தான் அந்த நிறுவனம் ஆளைக் கண்டுபிடிக்கும்.

மூன்றாவது வகையில் கொஞ்சம் கவனம் தேவை. அதே ஆஸ்பத்திரியில் துப்புரவிலோ சமையலிலோ உதவித் தாதியாகவோ வேலை செய்யும் ஒரு தமிழர், அவசரத்துக்கு வந்து பேசிக் கொடுத்திருப்பார். அவரைப் பற்றி மேலதிகாரிக்கு எழுதும் முன் அவரையே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் கேட்டபோதெல்லாம் இவர்தான் மொழிபெயர்த்தார்" என்று நீங்கள் எழுதினால், அவர் தன் வேலையை விட்டுவிட்டு ஏன் அங்கே நின்றார் என்ற விசாரணை எழலாம். அவர் வேண்டாம் என்றால் நன்றியை நேரில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உறவுக்காரர்களோ அக்கம்பக்கத்தாரோ வந்து உதவியிருந்தால் இந்த வழிகாட்டியே வேண்டாம். வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள், அது போதும்.

## 2. இரண்டு தாள்களையும் ஒரு நோட்டையும் எடுத்து வையுங்கள்

முதல் தாள், எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்தத் தேதியில் வெளியேறினீர்கள் என்று மருத்துவமனை தரும் சான்று. இங்கே அதை புல்த்தேன் த சித்துவாசியோன் என்பார்கள். சேர்க்கைப் பிரிவில் கேட்டால் தருவார்கள். இரண்டாவது, வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தரும் அறிக்கை. அதில் என்ன சிகிச்சை, எப்போது என்பது வரிசையாக இருக்கும்.

ஏழு வாரம் படுத்திருந்தவருக்கு நாட்கள் ஒன்றோடொன்று குழம்பிப் போயிருக்கும். காரைக்கால் அம்மா "விரலை எடுக்கிறோம் என்று சொன்னது சேர்ந்த மறுநாள்" என்றுதான் நினைத்திருந்தார். அறிக்கையைப் பார்த்தால் அது ஏழு நாள் கழித்து நடந்தது. மொழிபெயர்ப்பாளர் வந்த நாட்கள் அவருடைய அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். உங்கள் கடிதத்தில் உள்ள தேதி அதோடு ஒத்துப்போனால்தான் எந்த வருகையைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று அவர்களுக்குப் புரியும்.

நோட்டு என்றது, கூட இருந்தவர் குறித்து வைத்தது. இந்த அம்மாவின் மகள், இன்று யார் வந்தார், என்ன சொன்னார் என்று தினமும் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். அப்படி எதுவும் இல்லாவிட்டால் போனில் உள்ள செய்திகளையும் படங்களையும் தேதிவாரியாகப் பாருங்கள். ஓரளவு நினைவு திரும்பும்.

## 3. வெளியே வந்த பிறகு எழுதுங்கள், விமானம் ஏறும் முன் கையெழுத்திடுங்கள்

வார்டில் இருக்கும்போதே கடிதம் கொடுக்காதீர்கள். அவர் இன்னும் உங்களுக்கும் டாக்டருக்கும் நடுவில் உட்கார வேண்டியவர். நடுவில் ஒரு பாராட்டுக் கடிதம் கைக்கு வந்தால் அவருக்குச் சங்கடம். அதோடு, கடைசி வாரத்தில் நடப்பவைதான் சில நேரம் எழுதத் தக்கவையாக இருக்கும்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் போனபின் எழுதுவது நல்லது. அதற்குள் உடம்பு கொஞ்சம் தேறியிருக்கும், நினைவும் மங்கியிருக்காது. ஆனால் ஊருக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்களில் எழுதி முடித்தவர்கள் குறைவு. நோயாளியின் கையெழுத்து வேண்டும், கேட்டுச் சரிபார்க்க அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் என்றால் கைநாட்டு போதும். கீழே "அம்மா சொல்லச் சொல்ல மகள் எழுதியது" என்று ஒரு வரி சேருங்கள். யாருடைய சொல் என்பதில் சந்தேகம் வராது.

## 4. அவர் எந்த எழுத்தைப் படிப்பார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தமிழில் சரளமாகப் பேசுகிறவர் தமிழ் படிக்கவும் செய்வார் என்று நினைத்துவிடுகிறோம். இந்தத் தீவில் அப்படி இல்லை. யாழ்ப்பாணத்திலோ காரைக்காலிலோ பள்ளிக்குப் போனவர் படிப்பார். இங்கேயே பிறந்து, வீட்டில் தாய் தகப்பன் பேசியதைக் கேட்டு வளர்ந்தவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், அல்லது படிக்கவே மாட்டார். அவரிடம் நாசூக்காகக் கேட்டுவிடுங்கள். படிக்க மாட்டார் என்றால், கடிதத்தோடு உங்கள் குரலிலேயே அதை வாசித்துப் பதிவு செய்து, அலுவலகம் வழியாக அனுப்ப முடியுமா என்று கேட்கலாம்.

அவருடைய மேலாளருக்கோ மருத்துவமனைக்கோ தமிழ் தெரியாது. அதனால் எப்போதும் இரண்டு தாள் எழுதச் சொல்கிறேன். ஒன்று தமிழில், மொழிபெயர்ப்பாளருக்கு. மற்றொன்று பிரெஞ்சில், அரைப் பக்கம், அலுவலகத்துக்கு.

இங்கேதான் பெரிய தவறு நடக்கும். பிரெஞ்சுத் தாளை யார் எழுதுவது என்று யோசித்து, கைக்கெட்டிய ஆளான அந்த மொழிபெயர்ப்பாளரிடமே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். தன்னைப் பற்றிய பாராட்டைத் தானே மொழிபெயர்க்க அவர் எப்படிச் சம்மதிப்பார்? சம்மதித்து எழுதினாலும், அது தெரியவந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. மருமகன், பேரப்பிள்ளை, கோயில் சங்கத்தில் பிரெஞ்சு எழுதத் தெரிந்த ஒருவர் என்று வேறு யாரையாவது பிடியுங்கள்.

## 5. இரண்டு மூன்று தருணங்களைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். ஒரு மாலை முழுவதும் போனாலும் பரவாயில்லை. "எவ்வளவோ உதவி செய்தீர்கள், என்றும் மறக்க மாட்டோம்" என்ற வரியை யாரும் யாருக்கும் எழுதலாம். அதைப் படிக்கும் மொழிபெயர்ப்பாளருக்குத் தன் வேலையில் எது நோயாளிக்குப் பயன்பட்டது என்று தெரியாது.

நோயாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அன்று அவர் வராமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பதில் தெளிவாக வரும் இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்கால் அம்மாவிடம் கேட்டபோது முதலில், "நல்ல பொண்ணு, சிரிச்ச முகம்" என்றுதான் சொன்னார். கொஞ்சம் விட்டுப் பிடித்துக் கேட்டதில் மூன்று தருணங்கள் வந்தன.

முதலாவது, விரலை எடுக்க வேண்டும் என்று சொன்ன நாள், ஏப்ரல் 29. டாக்டர் வருவதற்குச் சற்று முன் மகள் மொழிபெயர்ப்பாளரைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, "அம்மாகிட்ட விரலை எடுக்கப் போறாங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க அக்கா, சும்மா சுத்தம் பண்றாங்கன்னு சொல்லுங்க" என்று கெஞ்சியிருக்கிறார். அவர், "நீங்க கேட்டதையும் டாக்டர்கிட்ட சொல்லுவேன், மறைக்க என்னால முடியாது" என்று பதில் சொல்லி, அப்படியே செய்திருக்கிறார். நோயாளிக்கு விவரம் சொல்லி அவருடைய சம்மதம் பெற வேண்டும் என்பது பிரான்சில் 2002 மார்ச் 4ஆம் தேதிச் சட்டம் உறுதி செய்த உரிமை. டாக்டர் மகளைச் சமாதானப்படுத்திவிட்டு அம்மாவிடமே பேசினார். அம்மா ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "எடுக்காட்டி என்ன ஆகும்?" என்று கேட்டார். கிருமி காலுக்கு ஏறும், அப்புறம் பாதத்தையே எடுக்க வேண்டி வரலாம் என்று பதில் வந்தது. "அப்ப எடுத்துடுங்க" என்று அவரே சொன்னார். மகளுக்கு அன்று மொழிபெயர்ப்பாளர் மேல் கோபம். அம்மாவுக்கு இன்றைக்கும் அதுதான் பெரிய நன்றி: "என் காலைப் பத்தி என்கிட்ட பேசினாங்க."

இரண்டாவது, இன்சுலின் போடக் கற்றுக்கொடுத்த நாள், ஜூன் 8. முகக்கவசத்துக்குப் பின்னால் இருந்து தாதி சொன்ன அளவு 14 யூனிட்டா 40 யூனிட்டா என்று சரியாகக் கேட்கவில்லை. பிரெஞ்சில் இந்த இரண்டு எண்ணும் ஒரே ஒலியில் தொடங்கும், அவசரத்தில் குழப்பிவிடும். மொழிபெயர்ப்பாளர் ஊகிக்காமல் நிறுத்தி, தாளில் எழுதிக் காட்டச் சொன்னார். 14. பிறகு தாதி அம்மாவை ஊசிப் பேனாவில் தானே அளவை வைத்துக் காட்டச் சொன்னார், அதையும் மொழிபெயர்த்தார். 40 என்று போயிருந்தால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கியிருக்கும்.

மூன்றாவது சின்னது. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் தெரிந்த அம்மாள் ஒருவர் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து, "அந்தக் காரைக்கால்காரம்மாவுக்கு காலை எடுத்துட்டாங்களாமே?" என்று கேட்டார். இவர், "வீட்டுக்காரங்களையே கேளுங்கம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. தமிழர் கூடும் இடங்கள் நாலைந்துதான் இருக்கும் தீவில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

மருத்துவ மொழிபெயர்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்று பிரான்சின் சுகாதார உயர் ஆணையம் 2017இல் ஒரு வழிமுறை வெளியிட்டது. சொன்னதை அப்படியே மாற்றிச் சொல்வது, ரகசியம் காப்பது, பக்கம் சாயாதது, நோயாளி தானே முடிவெடுக்க விடுவது என்ற நான்கும் அதில் அடிப்படை. இந்த அம்மா எதையும் படிக்காமலே அந்த நான்கையும் தொட்டுவிட்டார். உங்கள் தருணங்களையும் இந்த நான்கோடு வைத்துப் பாருங்கள். எதிலும் பொருந்தாத தருணம் என்றால், அடுத்த படியில் அது சிக்கும்.

## 6. அவருக்கு ஆபத்தாகும் வரிகளை எடுத்துவிடுங்கள்

நான் பார்த்த முதல் வரைவுகளில் பெரும்பாலானவற்றில் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது.

"டாக்டரிடம் எங்களுக்காக வாதாடினீர்கள்." உண்மையில் நடந்தது என்ன என்று கேட்டால், நோயாளி கேட்ட கேள்வியை அவர் விடாமல் மொழிபெயர்த்திருப்பார். அதை அப்படியே எழுதுங்கள்: "நான் மூன்று முறை கேட்ட கேள்வியை மூன்று முறையும் சலிக்காமல் டாக்டரிடம் கொண்டுபோனீர்கள்."

"எந்த மாத்திரை நல்லது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்." மருத்துவ ஆலோசனை சொல்வது அவருடைய வேலை இல்லை. அவர் சொன்னது டாக்டரின் சொல்லாகத்தான் இருக்கும். இதை முழுவதும் நீக்குங்கள். உண்மையிலேயே அவர் தன் விருப்பத்தில் ஏதாவது சொல்லியிருந்தாலும், அதைப் பாராட்டித் தாளில் பதிவது அவருக்கு உதவாது.

"அம்மாவுக்குக் கஷ்டமா இருக்கும்னு டாக்டர் சொன்ன சிலதை எங்ககிட்ட மட்டும் சொன்னீங்க." இதுதான் எல்லாவற்றிலும் மோசம். குடும்பத்துக்கு இது பெரிய உபகாரமாகத் தெரியும். அவருடைய தொழிலில் இது நோயாளியிடம் உண்மையை மறைத்தது. காரைக்கால் அம்மாவின் மகள், மொழிபெயர்ப்பாளர் மறுத்ததைத்தான் எழுதினார். அதனால் அந்தக் கடிதம் அவருக்கு நல்ல பெயர் தந்தது.

"ராத்திரி எந்நேரமும் உங்க சொந்த நம்பருக்குப் போன் போட்டோம்." பல இடங்களில் சொந்த எண் கொடுக்கக் கூடாது என்பது விதி. அன்பால் கொடுத்திருப்பார். அவரைக் காட்டிக் கொடுக்காதீர்கள்.

புகழ்ச்சியில் வேறொன்றைத் தாழ்த்துவதும் வேண்டாம். "நீங்கள் இல்லாத நாளில் வந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதினால் அது இன்னொருவர் மீதான புகார். சிகிச்சையில் குறை இருந்தால் தனிக் கடிதமாக எழுதுங்கள். பிரான்சில் ஒவ்வொரு மருத்துவமனையிலும் நோயாளிகளின் புகாரையும் பாராட்டையும் பார்க்க கொமிசியோன் தே யுசாஜே என்று ஒரு குழு உண்டு. புகாரும் நன்றியும் ஒரே தாளில் வந்தால் புகாராகவே கணக்கில் எடுக்கக்கூடும், நன்றி அடியில் போய்விடலாம்.

அடுத்தது, பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் கதை. அவர் நோய், அவர் குடும்பம் எதுவும் உங்கள் கடிதத்தில் வர வேண்டாம். உங்கள் நோயை எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம். பிரெஞ்சுத் தாளில் நோயின் பெயரே தேவையில்லை.

## 7. தமிழ்க் கடிதத்தை எழுதுங்கள்

அழைப்பில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வார்டில் அம்மா அவரை "பாப்பா" என்றும் "வா, போ" என்றும்தான் பேசிக்கொண்டிருந்தார். அவரும் "அம்மா" என்றார். அந்த வயதுக்கும் அந்த இடத்துக்கும் அது சரி. ஆனால் இந்தத் தாள் ஓர் அலுவலகம் வழியாகப் போகிறது, யாராவது வாசித்துச் சொல்லக் கேட்பார்கள். அதனால் நீங்கள் என்றே எழுதி, முடிவில் ஒரே இடத்தில் மட்டும் பேச்சு உறவை வைக்கச் சொன்னேன். முழுக்கடிதத்தையும் மேடைத் தமிழில் எழுதினால் அது அம்மா பேசுவதுபோல இருக்காது.

தருணங்களை நடந்த வரிசையில் வைப்பதே எளிது. ஒவ்வொன்றுக்கும் தேதி, என்ன நடந்தது, அதனால் என்ன ஆனது என்ற மூன்றும் போதும். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

> சேன் தெனி, ஜூன் 24
>
> மதிப்புக்குரிய மொழிபெயர்ப்பாளர் அவர்களுக்கு,
>
> நான் ஏப்ரல் 22 முதல் ஜூன் 10 வரை கால் புண்ணுக்காக வார்டில் இருந்த காரைக்கால் அம்மா. அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன். போகும் முன் மூன்று விஷயம் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.
>
> ஏப்ரல் 29 அன்று என் விரல்களை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று என் மகள் உங்களைக் கேட்டுக்கொண்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நீங்கள் மறைக்கவில்லை. அவள் கேட்டதையும் டாக்டரிடம் சொன்னீர்கள், டாக்டர் சொன்னதை என்னிடம் சொன்னீர்கள். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று நானே கேட்டேன், நானே சரி என்றேன். கண் விழித்துக் கட்டைப் பார்த்தபோது எனக்கு அதிர்ச்சி இல்லை. தெரியாமல் பார்த்திருந்தால் என் பிள்ளைகளை மறுபடி நம்பியிருக்க மாட்டேன். மகளும் இப்போது அதைத்தான் சொல்கிறாள்.
>
> ஜூன் 8 அன்று தாதியம்மா சொன்ன இன்சுலின் அளவு சரியாகக் கேட்காதபோது, நிறுத்தி எழுதிக் காட்டச் சொன்னீர்கள். அந்தத் தாளை மகள் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். தினமும் அதைப் பார்த்துத்தான் போட்டுக்கொள்கிறேன்.
>
> கோயிலில் ஒருவர் என்னைப் பற்றிக் கேட்டதற்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்று மகள் சொன்னாள். என் காலைப் பற்றி நான் விரும்பியவர்களிடம் நானே சொல்லிக்கொள்ள முடிந்தது.
>
> புண் ஆறி வருகிறது. வீட்டுக்கு வரும் தாதி நன்றாக இருக்கிறது என்கிறார். கட்டுப் போட்ட காலுக்கான செருப்புப் போட்டு வாசல் வரை நடக்கிறேன்.
>
> நன்றாக இரு பாப்பா.
>
> இப்படிக்கு,
> (கைநாட்டு)
> அம்மா சொல்லச் சொல்ல மகள் எழுதியது.

இதில் "தெய்வம்போல வந்தீர்கள்" என்ற வரி முதல் வரைவில் இருந்தது. அம்மா வைக்கச் சொன்னார், மகள் எடுக்கச் சொன்னார். நான் எடுக்கும் பக்கம்தான். மூன்று தருணங்களும் தெளிவாக இருக்கும் கடிதத்தில் அந்த வரிக்கு வேலை இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர் விடாப்பிடியாக வேண்டும் என்றால் தமிழ்த் தாளில் இருக்கட்டும், பிரெஞ்சுத் தாளுக்குப் போக வேண்டாம்.

எழுதி முடித்ததும் நோயாளிக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். "இது நான் சொன்னது இல்லையே" என்று அவர் சொல்லும் வரிகளை அடியுங்கள். இந்தக் கடிதத்தில் மகள் தானாகச் சேர்த்திருந்த ஒரு பத்தி அப்படித்தான் போயிற்று.

## 8. பிரெஞ்சுத் தாளைச் சுருக்குங்கள்

இது தமிழ்க் கடிதத்தின் மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டாம். படிப்பவருக்கு உங்களைத் தெரியாது. அவருக்குத் தேவை இவ்வளவுதான்: நோயாளி யார், எந்த நாள் முதல் எந்த நாள் வரை எந்தப் பிரிவில் இருந்தார், எந்த மொழிபெயர்ப்பாளர், அவர் செய்த வேலையில் எது நோயாளிக்குப் பயன்பட்டது. நோயாளியின் பதிவு எண்ணை எழுதாதீர்கள். பெயரும் தேதியும் போதும்.

காரைக்கால் அம்மாவின் தாளில் நடுப்பகுதி மூன்றே வாக்கியம். முக்கியமான முடிவுகளின்போது எல்லாவற்றையும் முழுமையாகத் தெரிவித்ததால் நானே முடிவெடுக்க முடிந்தது. மருந்தளவு தெளிவில்லாத இடத்தில் நிறுத்தி உறுதிப்படுத்தினார். வார்டுக்கு வெளியே என் ரகசியத்தைக் காத்தார். கோயில், மகள், கெஞ்சல் எதுவும் அதில் இல்லை. மகள் மறைக்கச் சொன்னது குடும்ப விஷயம், அலுவலகத்துக்குத் தேவையில்லை.

பிரெஞ்சுக் கடிதத்துக்கு வடிவம் உண்டு. இடது மேல் மூலையில் அனுப்புநர், வலப்பக்கம் பெறுநர், அதன் கீழ் ஊரும் தேதியும். "மதாம்" அல்லது "முசியே" என்று தொடங்கி, முடிவில் அவர்கள் வழக்கமாக எழுதும் நீண்ட மரியாதை வாக்கியம் வரும். நமக்கு அது வெற்றுச் சடங்காகத் தோன்றும். ஆனால் அது இல்லாவிட்டால் அவர்களுக்கு முகத்தில் அடித்ததுபோல இருக்கும். எழுதித் தருபவரிடம் அதை விடச் சொல்லாதீர்கள். பாப்பா, அக்கா என்ற உறவுச் சொற்கள் இந்தத் தாளில் வேண்டாம்.

## 9. அனுப்புவதும் அதன் பின்னும்

இரண்டு தாளையும் ஒரே உறையில் வைத்து மொழிபெயர்ப்பாளரின் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தமிழ்த் தாளைத் தனியாக மடித்து ஒட்டி, மேலே அவர் பெயரை எழுதுங்கள். வீட்டு முகவரி கேட்காதீர்கள். மருத்துவமனைக்கும் தெரிய வேண்டும் என்றால் பிரெஞ்சுத் தாளின் நகல் ஒன்றை அங்கே நோயாளிகளின் தொடர்புகளைக் கவனிக்கும் பிரிவுக்கு அனுப்பலாம். மொழிபெயர்ப்பாளருக்கான செலவை ஏற்பது பெரும்பாலும் மருத்துவமனைதான். அது நோயாளிக்குப் பயன்பட்டது என்று அவர்களுக்குத் தெரிவது அடுத்து வருபவருக்கு நல்லது.

உறைக்குள் பணம் வைக்காதீர்கள். அரசு மருத்துவமனைகளில் நோயாளியிடமிருந்து ஊழியர் பணம் வாங்குவது விதிப்படி கூடாது, வெளியிலிருந்து வருபவரும் அதைத் திருப்பித்தான் அனுப்ப வேண்டியிருக்கும். பட்டுப் புடவை, தங்கம் எல்லாம் அதே கதைதான். முறுக்கோ அதிரசமோ செய்து அலுவலகத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி ஒரு டப்பா வைப்பதில் பொதுவாகச் சிக்கல் இருக்காது. ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.

கடிதத்தையோ அவருடைய படத்தையோ முகநூலிலும் குடும்ப வாட்ஸப் குழுவிலும் போடாதீர்கள். அவர் ஆஸ்பத்திரியில் யாருக்காக மொழிபெயர்க்கிறார் என்று வெளியே தெரிவதே அடுத்த நோயாளிக்குத் தயக்கத்தைத் தரும்.

பதில் வராமல் போகலாம். சில அலுவலகங்களில், வேலை முடிந்தபின் நோயாளியோடு தொடர்பு வைக்கக் கூடாது என்று இருக்கும். கோயிலில் பார்க்கும்போது அவர் லேசாகத் தலையசைத்துவிட்டுப் போனால் கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் முதலில் பேசினால் பேசுவார்.

இரண்டு தாள்களின் நகலையும் டாக்டர் அறிக்கையோடு ஒரே கோப்பில் வையுங்கள். மறுபடி இங்கே வந்து சிகிச்சைக்குப் போக நேர்ந்தால், சேர்க்கைப் பிரிவில் அந்த நகலைக் காட்டி அதே மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேட்கலாம். எந்த அலுவலகம், எந்த ஆண்டு என்பதெல்லாம் அதிலேயே இருக்கும்.